முடிவு இடத்தில் சூரியன்: சொல்லத் தயங்கும் காதலுக்கு அந்தச் சீட்டு எதுவரை பேசும்?

மும்பை மாட்டுங்காவில் என் வீட்டு முன்னறையில் டாரட் சீட்டு பார்க்க வருகிறவர்கள் அதிகமாகக் கொண்டுவரும் கேள்வி, “சொல்லிவிடலாமா, வேண்டாமா” என்பதுதான். மனத்தில் ஒருவர் மீது விருப்பம் இருக்கும். அதை அவரிடம் சொல்லும் துணிவு மட்டும் பல மாதங்களாக வராமல் இருக்கும். அப்படி வந்தவருக்குக் கடைசிச் சீட்டாக, அதாவது முடிவைக் குறிக்கும் இடத்தில், சூரியன் விழுந்துவிட்டால் நான் வாய் திறப்பதற்கு முன்பே அவர் முகம் மலர்ந்துவிடும். மஞ்சள் சூரியன், குதிரைமேல் சிரிக்கும் குழந்தை, சூரியகாந்திப் பூக்கள் என்று படமே முழுப் பலனையும் சொல்லிவிட்டதாக அவருக்குத் தோன்றும். டாரட்டைப் புதிதாகப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில்தான் என்பதால், இந்த ஒரு சீட்டை இந்த ஒரு இடத்தில் மட்டும் வைத்து இங்கே பார்ப்போம்.

ஒரு டாரட் கட்டில் 78 சீட்டுகள் உண்டு. அவற்றில் 22 சீட்டுகள் மேஜர் ஆர்கானா எனப்படும் பெரிய சீட்டுகள். மற்ற 56 சீட்டுகள் கோப்பை, வாள், கோல், நாணயம் என நான்கு குலங்களாகப் பிரிந்திருப்பவை. பதினைந்தாம் நூற்றாண்டில் வட இத்தாலியில் சீட்டாட்டத்துக்காக உருவான இந்தக் கட்டு, குறி பார்க்கும் கருவியாகப் பரவியது பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரான்சில்தான். இன்று நாம் அதிகமாகக் காணும் படங்கள், 1909இல் லண்டனில் வெளியான கட்டுக்காக ஆர்தர் எட்வர்ட் வெய்ட் வகுத்துக் கொடுக்க, பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்தவை. அதில் சூரியன் பத்தொன்பதாவது பெரிய சீட்டு. அதற்கு முன்னால் நிலவு, பின்னால் தீர்ப்பு. நிலவுச் சீட்டில் பாதை மங்கலாகத் தெரியும், நாயும் ஓநாயும் குரைக்கும், நீருக்குள்ளிருந்து ஏதோ ஒன்று ஊர்ந்து வரும். அந்த இரவைக் கடந்து வருகிற பகல்தான் சூரியன்.

படத்தை நிதானமாகப் பார்த்தால் குழந்தையின் உடலில் ஆடை இல்லை என்பது தெரியும். வெள்ளைக் குதிரைக்குச் சேணமும் இல்லை, கடிவாளமும் இல்லை. குழந்தையின் கையில் பெரிய சிவப்புக் கொடி பறக்கிறது. அதற்குப் பின்னால் ஒரு சாம்பல் நிறச் சுவர். சூரியகாந்திப் பூக்கள் அந்தச் சுவருக்கு மேலே தலை நீட்டுகின்றன. குழந்தை சுவருக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டது. இந்தச் சீட்டுக்கு மகிழ்ச்சி என்று பொருள் சொல்வதில் தவறில்லை. ஆனால் அந்த மகிழ்ச்சி எதிலிருந்து பிறக்கிறது என்று படத்தைக் கேட்டால், மறைப்பதற்கு ஒன்றும் இல்லாத நிலையிலிருந்து என்றுதான் அது சொல்லும். தயங்கி நிற்பவரின் கேள்விக்கு இந்த வேறுபாடுதான் அச்சாணி.

வெய்ட் தம் விளக்க நூலில் இந்தச் சீட்டுக்குக் கொடுத்த பலன்களில் உலகியல் இன்பம், நல்ல திருமணம், மனநிறைவு ஆகியவை இடம்பெறுகின்றன. தலைகீழாக விழுந்தால் அதே பலன் சற்றுக் குறைந்த அளவில் என்று முடித்துவிட்டார். “நல்ல திருமணம்” என்ற அந்தச் சொல்தான் நூற்றாண்டு கடந்தும் எல்லாப் பலன் பட்டியல்களிலும் தொடர்ந்து வருகிறது. காதல் கேள்விக்குச் சூரியன் வந்தால் “கட்டாயம் கைகூடும்” என்று சொல்லும் பழக்கத்துக்கு அதுவும் ஒரு காரணம். நம்மவர்கள் சிலர் இன்னொரு குழப்பத்தையும் கொண்டுவருகிறார்கள். ஜாதகத்தில் சூரியன் ஏழாம் வீட்டில் இருந்தால் திருமண வாழ்வுக்கு ஆகாது என்று கேட்டுப் பழகியதால், இந்தச் சீட்டைக் கண்டதும் முகம் சுருங்குபவர்களும் உண்டு. கிரகமாகிய சூரியனும் இந்தப் படத்துச் சூரியனும் வெவ்வேறு மரபுகளைச் சேர்ந்தவை. ஒன்றின் பலனை மற்றொன்றின் மேல் ஏற்றக் கூடாது.

இனி, முடிவு இடம் என்றால் என்ன என்பதைப் பார்க்கலாம். கிளி ஜோசியத்தில் கிளி ஒரு சீட்டை எடுத்துக் கொடுக்கும். அதில் எந்தத் தெய்வத்தின் படம் வந்ததோ அதற்குரிய பலனை ஜோசியர் சொல்லி முடிப்பார். ஒரு சீட்டு, ஒரு பலன். அந்தப் பழக்கத்தில் டாரட்டைப் பார்க்கிறவர், விரித்து வைத்த ஐந்து சீட்டுகளில் கடைசிச் சீட்டைத்தான் பலனாகவும், முன்னால் உள்ள நான்கையும் வெறும் பீடிகையாகவும் எடுத்துக்கொள்கிறார். விரிப்பு முறையில் அப்படி இல்லை. முடிவு இடத்துச் சீட்டு, மற்ற இடங்களில் சொல்லப்பட்டவை இப்படியே நடந்தால் நிலைமை எந்தப் பக்கம் சாயும் என்பதைத்தான் காட்டுகிறது. நான்காவது இடத்தில் “செய்ய வேண்டியது” என்று ஒரு சீட்டு விழுந்து, கேட்டவர் அதைச் செய்யாமலே இருந்துவிட்டால், ஐந்தாவது சீட்டு பேசும் நிலைமையே உருவாகாது.

சென்ற ஆண்டு முலுண்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். அவளை அடையாளம் காட்டாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவளும் அந்த இளைஞனும் லோயர் பரேலில் ஒரே கட்டடத்தில் வெவ்வேறு நிறுவனங்களில் வேலை பார்க்கிறார்கள். காலையில் அவள் பெண்கள் பெட்டியிலும் அவன் பொதுப் பெட்டியிலுமாக லோக்கலில் வந்து தாதரில் இறங்குவார்கள். மத்திய ரயில் பாதையிலிருந்து மேற்கு ரயில் பாதைக்கு மாறும் மேம்பாலத்தை மட்டும் சேர்ந்து கடப்பார்கள். ஒன்றரை வருடமாக, கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டே நடக்கும் அந்தச் சில நிமிடங்கள்தான் அவர்களுடைய நட்பு முழுவதும். இருவரும் தமிழ் வீட்டுப் பிள்ளைகள். சொல்லிவிட்டால் அந்த நடையும் போய்விடுமோ என்பது அவளுடைய அச்சம்.

முதலில் நான் கேள்வியை மாற்றச் சொன்னேன். “அவனுக்கு என்னைப் பிடிக்குமா” என்றுதான் அவள் தொடங்கினாள். எதிரில் இல்லாத ஒருவருடைய மனத்தைச் சீட்டிடம் கேட்பதை நான் ஏற்பதில்லை. அவன் சம்மதம் தராத ஒரு விசாரணை அது என்பதோடு, வருகிற பதிலைச் சரிபார்க்க வழியும் கிடையாது. “நான் இதை அவனிடம் சொன்னால் எனக்கு என்ன நிலைமை உருவாகும்” என்று கேள்வியை மாற்றிக்கொண்டோம். ஐந்து இடங்களை முன்கூட்டியே தாளில் எழுதினோம்: நான் இப்போது இருக்கும் நிலை, என்னைத் தடுப்பது, நான் பார்க்கத் தவறுவது, எப்படிச் சொல்வது, சொன்னால் விளைவு. இடங்களுக்குப் பெயர் வைக்காமல் சீட்டை இறக்கினால், அழகான சீட்டு எந்த இடத்தில் விழுந்தாலும் அதையே முடிவென்று சொல்லிவிட மனம் துடிக்கும்.

முதல் இடத்தில் கோப்பைக் குலத்துப் பேஜ் வந்தது. கடற்கரையில் நிற்கும் ஓர் இளைஞன் கையிலிருக்கும் கோப்பையைப் பார்க்கிறான். கோப்பைக்குள்ளிருந்து ஒரு மீன் தலை நீட்டி அவனைப் பார்க்கிறது. தனக்கே வியப்பாக இருக்கும் புதிய உணர்வு அது. இரண்டாவது இடத்தில் வாள் எட்டு. கண்ணும் உடலும் கட்டப்பட்ட ஒரு பெண்ணைச் சுற்றி எட்டு வாள்கள் நடப்பட்டிருக்கின்றன. ஆனால் அவள் கால்கள் கட்டப்படவில்லை. தடை பெரும்பாலும் அவள் எண்ணத்தில் இருப்பதாக வழக்கமாகச் சொல்லப்படும் சீட்டு அது. மூன்றாவது இடத்தில் கோப்பை நான்கு: மரத்தடியில் கைகட்டி அமர்ந்திருக்கும் ஒருவன் எதிரில் மூன்று கோப்பைகள், மேகத்திலிருந்து ஒரு கை நான்காவதை நீட்ட, அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான்காவது இடத்தில் வாள் ஏஸ், மேகத்திலிருந்து நீளும் கையில் நிமிர்ந்து நிற்கும் ஒற்றை வாள். சுற்றி வளைக்காத நேரான பேச்சு. ஐந்தாவது சூரியன்.

“மாமி, அப்போ அவன் ஓகே சொல்லிடுவான்தானே?” என்று கேட்டாள். அதற்குள் அவள் மற்ற நான்கையும் மறந்துவிட்டாள்.

நான் அவள் விரலைப் பிடித்து மூன்றாவது சீட்டின் மேல் வைத்தேன். அந்த இடத்தின் பெயர் “நான் பார்க்கத் தவறுவது”. நீட்டப்பட்ட கோப்பையைக் கவனிக்காமல் அமர்ந்திருக்கும் அந்த உருவம் யார்? அது அவளாக இருக்கலாம். அவன் ஏற்கெனவே காட்டிய ஏதோ ஒரு குறிப்பை அவள் கவனிக்கவில்லை என்று படிக்கலாம். அது அவனாகவும் இருக்கலாம். இந்த நட்பை அவன் அந்தக் கண்ணால் பார்த்ததே இல்லை என்றும் படிக்கலாம். இரண்டில் எது சரி என்று தீர்மானிக்க அந்த மேசையில் எந்த ஆதாரமும் கிடையாது. சூரியனின் ஒளியில் முதல் வாசிப்பை மட்டும் எடுத்து இரண்டாவதை அமுக்கிவிடுவதுதான், மிகைப்படுத்திச் சொல்வதன் முதற்படி. பொய் எதுவும் சொல்லியிருக்கமாட்டோம். ஒன்றைச் சொல்லாமல் விட்டிருப்போம், அவ்வளவுதான்.

பிறகு நான்காவதையும் ஐந்தாவதையும் சேர்த்துப் படித்தேன். வாள் ஏஸ் கேட்கும் நேரான பேச்சு நடந்தால், வாள் எட்டில் கட்டுண்டு நிற்கும் நிலை தளரும். ஒளிந்திருந்த விஷயம் வெளிச்சத்துக்கு வரும். சூரியன் அந்த விரிப்பில் சொன்னதாக நான் ஏற்பது இவ்வளவே. வெளிச்சம் அவள் மனத்தின் மீது விழுவதுபோலவே அவன் பதிலின் மீதும் விழும். அந்தப் பதில் என்னவாக இருந்தாலும் அவளுக்குத் தெரிந்துவிடும். அவன் சம்மதிப்பான் என்று சொல்ல இந்தச் சீட்டுக்கு வழியில்லை. சீட்டு இறங்கியது அவள் கேள்விக்கு. அவனோ அந்த அறையில் இல்லவே இல்லை.

காலம் குறிப்பதிலும் இதே எச்சரிக்கை வேண்டும். சூரியன் என்றால் கோடை, ஆகவே ஜூன் முதல் ஆகஸ்ட்டுக்குள் நடக்கும் என்று சொல்லும் முறை ஒன்று புழக்கத்தில் இருக்கிறது. அந்தப் படம் பிறந்த இங்கிலாந்தில் அது கோடைதான். மும்பையிலோ அந்த மூன்று மாதங்களில் சூரியனைப் பார்ப்பதே அரிது. தண்டவாளத்தில் தண்ணீர் நின்று லோக்கலே ஓடாத நாட்களும் உண்டு. இடம் மாறினால் பொருள் மாறிவிடும் ஒரு கணக்கை வைத்து யாருக்கும் தேதி கொடுக்கலாகாது.

எல்லாம் வெளிச்சத்துக்கு வரும் என்பதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட் என்று தமிழர்கள் கூடி வாழும் பகுதிகளில், பிள்ளையார் கோவில் வாசலில் காலையில் சொன்ன செய்தி மாலைக்குள் டோம்பிவிலி வரை போய்ச் சேரும். ஆடையில்லாத குழந்தையும் பறக்கும் கொடியும், மறைவு நீங்கிய மகிழ்ச்சியைக் காட்டுவதோடு, எல்லாரும் பார்க்கும்படி ஆகிவிடுவதையும் காட்டுகின்றன. அதனால் சூரியன் முடிவாக வரும்போது, “இது நாலு பேருக்குத் தெரிந்தால் உங்களுக்குப் பரவாயில்லையா” என்று கேட்டுக்கொள்வது என் வழக்கம். அந்தப் பெண் இதைக் கேட்டதும் சற்று யோசித்து, பாலத்தில் வேண்டாம், தெரிந்தவர்கள் யாராவது பார்ப்பார்கள், அலுவலகம் முடிந்து எங்காவது அமர்ந்து பேசலாம் என்று தானே முடிவெடுத்தாள்.

இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று எனக்கு முன்பு தெரியாது. சீட்டு பார்க்கத் தொடங்கிய இரண்டாம் ஆண்டில், செம்பூரிலிருந்து வந்த ஓர் இளைஞனுக்கு இதே இடத்தில் இதே சீட்டு வந்தது. “கண்ணை மூடிக்கொண்டு சொல்லுப்பா, நல்ல பதில்தான் வரும்” என்று சொல்லி அனுப்பினேன். அவன் என் சொல்லை நம்பி, அந்தப் பெண்ணின் பிறந்தநாளன்று அலுவலகத்தில் கேக் வெட்டும் நேரத்தில், எல்லார் முன்னிலையிலும் மோதிரத்தை நீட்டிவிட்டான். அவள் மறுத்தாள். மறுக்க நேர்ந்த சங்கடத்தில் சில வாரங்களில் வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டுப் போனாள். அவன் திரும்பி வந்து என்னிடம் கேட்டது இன்னும் மோசமான கேள்வி: “சூரியன் வந்திருக்கே, அப்போ இன்னும் கொஞ்சம் முயற்சி செய்தா மனசு மாறுவாதானே?”

சூரியனை உறுதிமொழியாகக் கொடுப்பதில் உள்ள பெரிய ஆபத்து இதுதான். மறுப்பு வந்த பிறகும், சீட்டில் வந்த முடிவு இன்னும் நடக்கவில்லை என்று நம்பும் ஒருவர், அந்த மறுப்பைப் பதிலாகவே எடுத்துக்கொள்ள மாட்டார். நடுவழியில் வந்த தடை என்றுதான் எடுத்துக்கொள்வார். விடாமல் பின்தொடர்ந்தால் பெண் மனம் இரங்குவாள் என்று பல காலமாக நமக்குத் திரையில் காட்டிவருகிறார்கள். அதன்மேல் சீட்டின் முத்திரையும் விழுந்தால், எதிரில் இருப்பவருக்கு அது தொல்லையாகிவிடும். மறுப்புக்குப் பின் அந்த விரிப்பு செல்லாது என்பதை இப்போது சீட்டு இறக்குவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். விரும்பப்படுகிறவர் கேட்பவருக்குக் கீழே வேலை செய்பவர் என்றாலோ, திருமணமானவர் என்றாலோ, சொல்லலாமா என்ற அந்தக் கேள்விக்கே நான் சீட்டு இறக்குவதில்லை.

இந்த இடத்தில் கூர்மையான வாசகர் ஒருவர் என்னை மடக்கலாம். சூரியனுக்குப் பொருள் சம்மதம் இல்லை, தெளிவு என்று சொல்லிவிட்டால், அவன் சரி என்றாலும் தெளிவுதான், மாட்டேன் என்றாலும் தெளிவுதான். எது நடந்தாலும் சீட்டு பலித்ததாகச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாமே? உண்மைதான். செம்பூர் இளைஞனின் கதையைக்கூட, “மறுப்பு வெட்டவெளிச்சமாகிவிட்டது, ஆகவே சூரியன் பொய்க்கவில்லை” என்று என்னால் திரித்துச் சொல்லியிருக்க முடியும். நடந்த பின் பொருளை வளைப்பதும், நடக்கும் முன் வாக்குக் கொடுப்பதும் ஒரே நோயின் இரண்டு முகங்கள். கணக்கையும் மறக்கக் கூடாது. நன்றாகக் கலைத்த கட்டில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் சூரியன் விழும் வாய்ப்பு 78இல் 1. கேட்பவர் யார், யாரை விரும்புகிறார் என்பதால் அது மாறுவதில்லை. முந்தைய மூன்று இரவுகள் கைபேசிச் செயலியில் இதே கேள்விக்குச் சீட்டு எடுத்துப் பார்த்ததாக முலுண்டுப் பெண் பின்னர் ஒப்புக்கொண்டாள். பிடித்த சீட்டு வரும்வரை எடுத்துக்கொண்டே போனால் என்றாவது ஒருநாள் அது வந்துதான் தீரும்.

இதற்கு நான் வைத்திருக்கும் வழி ஒரு நோட்டுப் புத்தகம். சீட்டைப் படித்து முடித்ததும், கேட்டவர் எழுந்து போவதற்கு முன்னால், தவறாகிவிடக்கூடிய வாக்கியங்களாக இரண்டு மூன்றை அவர் எதிரிலேயே எழுதிவிடுவேன். “நல்லதே நடக்கும்” என்பது அப்படிப்பட்ட வாக்கியம் ஆகாது. அது எப்போதும் தவறாகாது, எனவே எதையும் சொல்லவும் இல்லை. அந்தப் பெண்ணுக்கு எழுதியவை மூன்று. முதலாவது, நேரான சொற்களில் பேசினால் அவளுடைய அச்சம் பேச்சுக்கு முன் இருந்ததைவிடக் குறையும். இரண்டாவது, அவன் மனம் என்னவென்று அந்தப் பேச்சிலேயே அவளுக்குத் தெரிந்துவிடும், குழப்பம் நீடிக்காது. மூன்றாவது, பேசிய பின்பும் தாதர் பாலத்தில் அவர்கள் சேர்ந்து நடப்பார்கள். மூன்றாவதை நான் விருப்பமில்லாமல்தான் எழுதினேன். அவள் உண்மையில் அறிய விரும்பியது அதுதான் என்பதால் விட முடியவில்லை. பக்கத்திலேயே, “இது அவன் நடத்தை சம்பந்தப்பட்டது, சீட்டின் எல்லைக்கு வெளியே, நம்பிக்கை குறைவு” என்றும் குறித்தேன். அவள் எதிர்பார்த்த “சம்மதிப்பான்” என்ற வாக்கியத்தை எழுத மறுத்தபோது, “நீங்க சொன்னா தைரியமா இருக்கும் மாமி” என்றாள். என் வாக்கிலிருந்து வரும் தைரியம் அவன் முதல் சொல்லோடு கரைந்துவிடும் என்று சொல்லி, எழுதிய மூன்றை மட்டும் ஒருமுறை அவளையே படிக்கச் சொன்னேன்.

மூன்று வாரம் கழித்து வந்தாள். பேசியிருந்தாள், பேசிய அன்று இரவு நன்றாகத் தூங்கியதாகச் சொன்னாள். அவன் அதிர்ச்சி அடையவில்லை, கோபப்படவும் இல்லை. அப்படி யோசித்ததில்லை, வீட்டில் வேறு பேச்சு நடக்கிறது, கொஞ்சம் நேரம் வேண்டும் என்று சொல்லியிருக்கிறான். பாலத்தில் இன்னமும் சேர்ந்துதான் நடக்கிறார்கள், ஆனால் இருவருக்கும் பேச்சு வருவதில்லையாம். நான் நோட்டை எடுத்து முதல் வாக்கியத்துக்குச் சரி என்றும், மூன்றாவதற்குப் பாதி என்றும் குறித்தேன். இரண்டாவது தவறு. “கொஞ்சம் நேரம் வேண்டும்” என்பதை எந்த வகையிலும் தெளிவு என்று சொல்ல முடியாது. அவள் எதிரிலேயே அதைப் பேனாவால் அடித்தேன். அவன் என்ன யோசிக்கிறான் என்று பார்க்க இன்னொரு சீட்டு எடுக்கச் சொன்னாள். அதை அவனிடம்தான் கேட்க வேண்டும் என்று சொல்லி, கட்டைத் துணியில் சுற்றி எடுத்து வைத்தேன்.